மாடியில் இருக்கும் டிஷ் ஏன் திரும்புவதில்லை?

*தேவகோட்டையில் எங்கள் வீட்டு மாடியில் இருக்கும் டிடி ஃப்ரீ டிஷ்ஷைப் பல வருடங்களாக யாரும் தொடவில்லை. ஆனாலும் படம் வருகிறது. செயற்கைக்கோள் அங்கேயே நிற்கிறது என்றால் ஏன் கீழே விழாமல் இருக்கிறது? சுற்றுகிறது என்றால் டிஷ்ஷும் அதோடு சேர்ந்து திரும்ப வேண்டாமா? இன்னொன்று: கோலாலம்பூரில் இருக்கும் என் அண்ணன் வீட்டு டிஷ் மேற்கே பார்க்கிறது, எங்களுடையது தென்கிழக்கே பார்க்கிறது. இது எப்படி?*

அது விழுந்துகொண்டேதான் இருக்கிறது. சுற்றிக்கொண்டேயும் இருக்கிறது. பூமி தன்னைத்தானே ஒரு முறை சுற்றி முடிக்கும் அதே நேரத்தில் அதுவும் ஒரு சுற்று முடிப்பதால், உங்கள் மாடியிலிருந்து பார்க்க நிற்பதுபோல் இருக்கிறது. ராட்டினத்தில் உங்களுக்கு எதிர்ப்பெட்டியில் உட்கார்ந்திருப்பவரைப் பார்க்க நீங்கள் கழுத்தைத் திருப்ப வேண்டியதில்லை. இருவரையும் ஒரே ராட்டினம் சுற்றுகிறது. உங்கள் டிஷ்ஷும் தேவகோட்டையோடு சேர்ந்து மணிக்கு ஏறக்குறைய 1,650 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறது என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

முதலில் விழுவதைப் பார்ப்போம். "அவ்வளவு உயரத்தில் ஈர்ப்பு கிடையாது, அதனால் மிதக்கிறது" என்று பலர் நினைக்கிறார்கள். ஈர்ப்பு இருக்கிறது. அது இல்லாவிட்டால் செயற்கைக்கோள் நேர்கோட்டில் கிளம்பிப் போனது போனதுதான், திரும்பியே வராது. பாடப்புத்தகங்கள் சில "மையவிலக்கு விசையும் ஈர்ப்பும் சமமாகி நிற்கிறது" என்று எழுதிவைத்திருக்கின்றன. கணக்குக்கு அது உதவும். புரிந்துகொள்வதற்கு உதவாது என்பது என் கருத்து. வெளியே இழுக்கும் விசை என்று அங்கே ஒன்றும் இல்லை. இருப்பது ஒரே விசை, பூமியின் இழுப்பு.

நியூட்டன் ஒரு உயரமான மலை உச்சியில் பீரங்கியை வைத்து யோசித்தார். நாம் அதைக் காரைக்குடியில் வைத்துக்கொள்ளலாம். காற்று என்பதே இல்லை என்றும் எண்ணிக்கொள்ளுங்கள். குண்டைத் தரைக்கு இணையாகச் சுடுகிறோம். எவ்வளவு வேகமாகச் சுட்டாலும் முதல் ஒரு நொடியில் அது 4.9 மீட்டர் கீழே விழும். கையிலிருந்து நழுவும் கல்லும் அதே அளவுதான் விழும். ஆனால் பூமி தட்டையானது அல்ல. நேர்கோட்டில் 7.9 கிலோமீட்டர் போனால், தரை உங்களுக்குக் கீழே 4.9 மீட்டர் வளைந்து இறங்கியிருக்கும். ஆகவே குண்டு நொடிக்கு 7.9 கிலோமீட்டர் போனால், அது விழுந்த அளவுக்குத் தரையும் விலகிவிடுகிறது. அடுத்த நொடியும் அப்படியே, அதற்கடுத்த நொடியும் அப்படியே. விழுவது ஒரு கணமும் நிற்கவில்லை; தரையைத் தொடுவது மட்டும் நடக்கவில்லை. குன்றக்குடியை ஒன்றேகால் நொடியில் தாண்டிவிடும் வேகம் இது. இதை இயக்க எஞ்சினும் தேவையில்லை: தடுக்கக் காற்று இல்லாதவரை வேகம் குறையாது.

இப்போது உங்கள் டிஷ் பார்க்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளுக்கு வருவோம். பூமியின் மையத்திலிருந்து 42,164 கிலோமீட்டர் தொலைவில் அது இருக்கிறது. தரையிலிருந்து கணக்கிட்டால் 35,786 கிலோமீட்டர். அங்கே ஈர்ப்பு, தரையில் இருப்பதில் நாற்பத்து நான்கில் ஒரு பங்குதான். அதனால் அது ஒரு நொடியில் விழுவது வெறும் 11 சென்டிமீட்டர். அதே நொடியில் பக்கவாட்டில் 3.07 கிலோமீட்டர் நகர்கிறது. அந்தப் பெரிய வட்டத்தில் 3.07 கிலோமீட்டருக்கு வட்டம் வளைவதும் சரியாக அந்த 11 சென்டிமீட்டர்தான். இந்தப் பக்கவாட்டு வேகத்தை யாராவது சட்டென்று பிடித்து நிறுத்திவிட்டால், நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் அது பூமியில் வந்து மோதும். உண்மையிலேயே ஓரிடத்தில் நின்றால் விழத்தான் செய்யும். உங்கள் சந்தேகம் அந்த அளவில் நியாயமானதே.

அந்த உயரம் ஏன்? 20,000 கிலோமீட்டரிலோ 50,000 கிலோமீட்டரிலோ நிறுத்த முடியாதா? முடியாது. ஏனென்றால் உயரத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால் சுற்றும் நேரத்தை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. அது தானாகவே முடிவாகிவிடும். உயரே போகப்போக ஈர்ப்பு குறைகிறது, அதனால் வேகமும் குறைகிறது. சுற்ற வேண்டிய தூரமோ கூடுகிறது. இரண்டும் சேர்ந்து நேரத்தை நீட்டுகின்றன. கெப்ளர் கண்ட விதிப்படி, சுற்றும் நேரத்தின் இருமடி, மையத்திலிருந்து உள்ள தூரத்தின் மும்மடிக்கேற்பக் கூடும்.

கால்குலேட்டரை எடுத்து நீங்களே போட்டுப் பார்க்கலாம். சர்வதேச விண்வெளி நிலையம் பூமியின் மையத்திலிருந்து ஏறக்குறைய 6,790 கிலோமீட்டரில், 93 நிமிடத்துக்கு ஒரு சுற்றாகச் சுற்றுகிறது. நமக்கு வேண்டியது 1,436 நிமிடச் சுற்று. 1,436-ஐ 93-ஆல் வகுத்தால் 15.44. அதன் இருமடி 238. அதன் மும்மடி மூலம் 6.2. ஆக, விண்வெளி நிலையத்தின் தூரத்தைப்போல் 6.2 மடங்கு போக வேண்டும்: 6,790-ஐ 6.2-ஆல் பெருக்கினால் 42,100 கிலோமீட்டர். துல்லியமான விடை 42,164 என்று மேலே சொன்னேன். இவ்வளவு எளிய கணக்கில் இவ்வளவு பக்கத்தில் வந்துவிடுகிறோம்.

ஒரு நாள் என்றால் 1,440 நிமிடம் அல்லவா, 1,436 எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். 24 மணி நேரம் என்பது சூரியன் ஒரு உச்சியிலிருந்து அடுத்த உச்சிக்கு வரும் நேரம். பூமி தன் அச்சில் முழுச் சுற்று முடிக்க எடுப்பது 23 மணி 56 நிமிடம் 4 நொடி. அதற்குள் பூமி சூரியனைச் சுற்றும் பாதையிலும் கொஞ்சம் நகர்ந்துவிடுவதால், சூரியனுக்கு நேராக வர இன்னும் நான்கு நிமிடம் திரும்ப வேண்டியிருக்கிறது. செயற்கைக்கோளுக்கு முக்கியம் பூமியின் சுழற்சி; சூரியனோடு அதற்கு வேலை இல்லை. யாராவது 24 மணிக் கணக்கில் நிறுத்தினால், அது நாளுக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி மேற்கே பின்தங்கும். வீட்டு டிஷ் பார்க்கும் அகலம் மொத்தமே மூன்று டிகிரி அளவுதான். இரண்டாம் நாளே படம் போய்விடும்.

உயரம் சரியாக இருந்தால் மட்டும் போதாது, இடமும் சரியாக இருக்க வேண்டும். தேவகோட்டைக்கு நேர்மேலே ஒன்றை நிறுத்திவைக்க வழியே இல்லை. இழுப்பு எப்போதும் பூமியின் மையத்தை நோக்கியே இருப்பதால், சுற்றுப்பாதையின் நடுப்புள்ளியும் பூமியின் மையமாகத்தான் இருந்தாக வேண்டும். தேவகோட்டை வடக்கே 10 டிகிரியில் இருக்கிறது. நம் தலைக்கு மேலே கடக்கும் எந்தப் பாதையும் அடுத்த பாதிச் சுற்றில் தெற்கே 10 டிகிரிக்கு இறங்கியே தீரும். ஒரு நாள் சுற்றாக இருந்தாலும், தரையிலிருந்து பார்க்க அது வடக்கும் தெற்குமாக எட்டு வடிவில் அலையும். நம் நாவிக் வழிகாட்டித் தொகுதியில் சில செயற்கைக்கோள்கள் வேண்டுமென்றே 29 டிகிரி சாய்ந்த பாதையில் இப்படித்தான் அலைகின்றன. அலையாமல் நிற்க வேண்டும் என்றால் பாதை நிலநடுக்கோட்டின் மீதே படிய வேண்டும், கிழக்கு நோக்கியே சுற்ற வேண்டும். அதனால்தான் தொலைக்காட்சிக்கான எல்லாச் செயற்கைக்கோள்களும் அந்த ஒரே வளையத்தில் நெருக்கியடித்துக்கொண்டு, தீர்க்கரேகையை முகவரியாக வைத்துக்கொண்டு இருக்கின்றன.

ஜிசாட்-15-இன் முகவரி கிழக்கு 93.5 டிகிரி. அதற்கு நேர்கீழே இருப்பது சுமத்ராவுக்கு மேற்கே உள்ள கடல். தேவகோட்டை கிழக்கு 78.8 டிகிரியில் இருப்பதால் உங்களுக்கு அது தென்கிழக்கு. கோலாலம்பூர் ஏறக்குறைய 101.7 டிகிரியில் இருக்கிறது. உங்கள் அண்ணன் மலேசியாவின் ஆஸ்ட்ரோ பார்க்கிறார் என்றால், அது வருவது 91.5 டிகிரியில் உள்ள மீசாட் செயற்கைக்கோள்களிலிருந்து. உங்களுடையதற்கு இரண்டு டிகிரி தள்ளிய பக்கத்து வீடு. அண்ணனும் நீங்களும் கடலின் இரு கரைகளில் நின்றுகொண்டு நடுவில் இருப்பதைப் பார்க்கிறீர்கள். அவருக்கு மேற்கு, உங்களுக்குக் கிழக்குப் பக்கம்.

உங்கள் மாடிக்கான கணக்கு இது: வடக்கிலிருந்து வலப்புறமாக 123 டிகிரி திரும்பி, தரையிலிருந்து 69 டிகிரி அண்ணாந்து பார்க்க வேண்டும். உச்சந்தலைக்கு 21 டிகிரிதான் குறைவு. "எங்கள் டிஷ் அவ்வளவு மேலே பார்க்கவில்லையே" என்று தோன்றும். வீட்டு டிஷ்கள் ஆஃப்செட் வகை, அலையை வாங்கும் கருவியான எல்.என்.பி. கீழ்ப்புறமாகத் தள்ளி நீட்டப்பட்டிருக்கும், தட்டு 45 டிகிரி அளவில் சாய்ந்திருந்தாலே 69 டிகிரியில் வரும் அலை எல்.என்.பி.யில் குவியும். இவ்வளவு உயரத்திலிருந்து வருவதில் நம் ஊருக்கு ஒரு வசதி உண்டு. முகப்பின் தோற்றம் கெட்டுவிடும் என்று டிஷ்ஷை மேலே வைக்க விரும்பாதவர்கள் வளவுக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். தென்கிழக்கே ஆறு மீட்டர் உயரத்தில் சுவரோ கூரையோ இருந்தாலும், அதிலிருந்து இரண்டரை மீட்டர் தள்ளி டிஷ்ஷை வைத்தால் மறைக்காது. தில்லியில் இது 52 டிகிரிதான். அங்கே அதே சுவருக்கு ஏறக்குறைய ஐந்து மீட்டர் தள்ளிப்போக வேண்டும்.

செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்று கண்ணால் காண முடியாது. ஆனால் ஆண்டுக்கு இரண்டு தடவை சூரியன் சரியாக அதன் பின்னால் வந்து நிற்கிறது. தேவகோட்டையில் அது மார்ச் 16-ஐ ஒட்டிய சில நாட்களில் காலை 11.15 மணி அளவிலும், செப்டம்பர் 27-ஐ ஒட்டிய நாட்களில் 11 மணிக்குச் சற்று முன்பும் நடக்கும். சூரியனும் ரேடியோ அலைகளை உமிழ்கிறது. அந்த இரைச்சலில் ஜிசாட்டின் மெல்லிய அலை அமுங்கிப்போய், சில நிமிடம் படம் கட்டம் கட்டமாக உடையும் அல்லது நின்றே போகும். செட்டாப் பெட்டியின் சிக்னல் பக்கத்தில் தரத்தைக் காட்டும் கோடு இறங்கி ஏறுவதைப் பார்க்கலாம். வானம் தெளிவாக இருக்கும் காலை வேளையில் தொடர்ந்து சில நாட்கள் ஒரே நேரத்தில் இப்படி ஆனால் காரணம் சூரியன்தான். டிஷ்ஷைத் திருகத் தேவையில்லை. ஐப்பசி மழையில் போவது வேறு கதை, அது மழைத்துளிகள் அலையை விழுங்குவதால் வருவது.

அந்த நேரத்தில் மாடியில் ஒரு மீட்டர் கம்பைச் செங்குத்தாக நட்டுப் பாருங்கள். வடமேற்கே ஏறக்குறைய 38 சென்டிமீட்டர் நிழல் விழும். நிழலின் நுனியிலிருந்து கம்பின் நுனிக்கு ஒரு நூலை இழுத்துக் கட்டினால், அந்த நூல் காட்டும் திசையில்தான் 36,000 கிலோமீட்டருக்கு அப்பால் ஜிசாட்-15 இருக்கிறது. மறுநாள், மறுமாதம், மறுவருடம் பார்த்தாலும் நூல் காட்டும் இடம் அதேதான். சூரியனை நேராகப் பார்க்காதீர்கள், நிழலே போதும்.

அங்கே எப்படிக் கொண்டுபோய் வைத்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கோளாறு அதிகம் வருவது அங்கேதான். ராக்கெட் நேராக 36,000 கிலோமீட்டருக்கு ஏற்றி விடுவதில்லை. 2015 நவம்பரில் தென் அமெரிக்காவின் கூரூ ஏவுதளத்திலிருந்து ஏரியான்-5 ராக்கெட் ஜிசாட்-15-ஐ நீள்வட்டப் பாதையில் விட்டது. அப்படிப்பட்ட பாதையில் ஒரு முனை சில நூறு கிலோமீட்டர் உயரத்தில், மறுமுனை 36,000 கிலோமீட்டரை ஒட்டி இருக்கும். தாழ்ந்த முனையில் நொடிக்குப் பத்து கிலோமீட்டருக்கு மேல் பாயும் செயற்கைக்கோள், ஏறிப்போகும் வழியெல்லாம் வேகத்தை இழந்து உயர்ந்த முனையில் 1.6 கிலோமீட்டராகத் தளர்ந்துவிடும். அங்கே வட்டமாகச் சுற்ற வேண்டியதோ 3.07. அந்தக் குறையை ஈடுசெய்யாவிட்டால் மறுபடி கீழ்முனைக்கே விழும். அதனால் ஒவ்வொரு முறை உச்சிக்கு வரும்போதும் தன் சொந்த எஞ்சினை எரித்து, கீழ்முனையைப் படிப்படியாகத் தூக்கிக்கொள்கிறது. ஏவும்போது 3,164 கிலோ இருந்த ஜிசாட்-15-இல் பாதிக்கு மேல் எரிபொருள்தான்.

இந்த எரிப்பு நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை 2025 ஜனவரியில் பார்த்தோம். ஜிஎஸ்எல்வி-எஃப்15 ராக்கெட் என்விஎஸ்-02 என்ற நாவிக் செயற்கைக்கோளைத் திட்டமிட்டபடி நீள்வட்டப் பாதையில் சேர்த்தது. மின்பலகைகள் விரிந்தன, தரையோடு தொடர்பும் இருந்தது. எஞ்சினுக்கு ஆக்ஸிஜனேற்றியைத் திறந்துவிடும் வால்வு திறக்கவில்லை. அவ்வளவுதான்; செயற்கைக்கோள் நல்ல நிலையில் இருந்தும் அந்த நீள்வட்டத்திலேயே மாட்டிக்கொண்டது. அது விழவும் இல்லை, நிற்கவும் இல்லை. போக வேண்டிய இடத்துக்குப் போக வேகம் மட்டும் கிடைக்கவில்லை.

சரியான இடத்தில் நிறுத்திய பிறகும் அது சும்மா நிற்பதில்லை. பூமியின் நடுப்பகுதி சரியான வட்டம் அல்ல, லேசாக நீண்டிருக்கிறது. அந்தச் சிறு கோணலால் இந்தப் பக்கத்துச் செயற்கைக்கோள்கள் கிழக்கு 75 டிகிரியை நோக்கி மெல்ல இழுக்கப்படுகின்றன. 93.5-இல் இருப்பதைக் கவனிக்காமல் விட்டால் ஒன்றரை மாதத்தில் ஏறக்குறைய ஒரு டிகிரி மேற்கே நழுவியிருக்கும். நழுவும் வேகமும் கூடிக்கொண்டே போகும். கட்டுப்பாடு இழந்த செயற்கைக்கோள்கள் சில 75 டிகிரிக்கு இரு பக்கமும் ஆண்டுக்கணக்கில் போய்த் திரும்பிக்கொண்டிருக்கின்றன. இதைவிடச் செலவு வைப்பது சூரியனும் சந்திரனும். அவற்றின் இழுப்பு பாதையை ஆண்டுக்கு ஒரு டிகிரிக்குச் சற்றுக் குறைவாகச் சாய்க்கிறது. சாய்ந்தால் முன்பு சொன்ன எட்டு வடிவம் தொடங்கிவிடும். மேலே இருக்கும் சிறு உந்திகளைக் கர்நாடகத்தின் ஹாசனிலும் போபாலிலும் உள்ள இஸ்ரோவின் கட்டுப்பாட்டு மையங்கள் அவ்வப்போது இயக்கி, செயற்கைக்கோளை அதன் இடத்துக்கு இரு பக்கமும் பத்தில் ஒரு டிகிரிக்குள் பிடித்துவைக்கின்றன. அந்த உயரத்தில் பத்தில் ஒரு டிகிரி என்பது 70 கிலோமீட்டருக்கு மேல். ஆக, அது "நிற்கும் புள்ளி" என்பது தேவகோட்டையிலிருந்து சிவகங்கையையும் தாண்டும் அகலமுள்ள ஒரு பெட்டி. உங்கள் டிஷ்ஷுக்கு அந்த அசைவு தெரியாது.

இந்தத் திருத்தங்களுக்கான எரிபொருள் தீர்ந்தால் ஆயுள் முடிந்தது. கருவிகள் நன்றாக இருந்தாலும் பயனில்லை. கடைசிச் சொட்டுவரை காத்திருக்கவும் கூடாது, இடத்தைக் காலி செய்துகொடுக்கக் கொஞ்சம் மிச்சம் வைக்க வேண்டும். இதே 93.5-இல் ஜிசாட்-15-க்கு முன்பு ஃப்ரீ டிஷ்ஷைச் சுமந்தது 2007-இல் ஏவப்பட்ட இன்சாட்-4பி. புதியது அதே முகவரிக்கு வந்ததால்தான் உங்கள் டிஷ்ஷை யாரும் தொட வேண்டியிருக்கவில்லை. 2022 ஜனவரியில் இன்சாட்-4பி-ஐ வளையத்துக்கு மேலே ஏறக்குறைய 340 கிலோமீட்டர் தூக்கிவிட்டு அணைத்துவிட்டார்கள். அந்தக் கூடுதல் உயரத்தால் அதன் சுற்று 17 நிமிடம் போல நீண்டுவிட்டது. ஆகவே அது இப்போது நாளுக்கு நான்கு டிகிரிக்கு மேல் மேற்கே பின்தங்கி, மூன்று மாதத்துக்கும் குறைவான காலத்துக்கு ஒருமுறை உங்கள் டிஷ்ஷின் பார்வைக்குக் குறுக்கே வந்து போய்க்கொண்டிருக்கிறது.